எடை குறைந்த பாவாடை

சாலம்மாளுக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. பால்காரன் தண்ணீர் கலக்கிறான், பஸ் கண்டக்டர் மீதியை மறந்துபோன மாதிரி நடிக்கிறான், பக்கத்துக் காட்டுக்காரன் வருஷத்துக்கு ஒரு சாண் வரப்பை நகர்த்துகிறான். இப்படி அவள் சந்தேகப்பட்டதில் பாதி உண்மையாகவும் இருந்து தொலைத்தது. அதுதான் வம்பு. பாதி பலித்துவிட்டால் மீதியும் பலிக்கும் என்று மனுஷ மனசுக்குத் தோன்றிவிடும்.

அந்தச் சந்தேகமெல்லாம் ஒன்றுதிரண்டு ஒரு தையல்காரன் மேல் இறங்கியது எண்பத்தேழாம் வருஷம் ஜூன் மாசத்தில்.

சாலம்மாளின் மகள் அஞ்சலை வடக்கனந்தலிலிருந்து பஸ் ஏறிக் கள்ளக்குறிச்சியில் பெண்கள் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஆறாவது முடித்து ஏழாவது. பெண் வளர்ந்த வேகம் இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது. ஆறாவதுக்கு வாங்கிய ரெடிமேடு பாவாடை சட்டை அந்த வேகத்துக்குப் பயந்து எடுத்ததுதான். வளர்கிற பிள்ளைதானே என்று சாலம்மாள் இரண்டு சைஸ் பெரியதாக வாங்கிவந்தாள். தோள் முழங்கை வரை இறங்கிய சட்டையும், இடுப்பில் ஊக்குக் குத்திக்கூட நிற்காத பாவாடையுமாகப் பிள்ளை அரை வருஷம் அழுதுகொண்டே போனது. துவைக்கத் துவைக்க அது சுருங்கி, சாயம் போய், உடம்புக்குப் பொருந்துகிற நாள் வந்தபோது துணி இற்றுப்போயிருந்தது.

"இந்தத் தடவ எடுக்கறது ரெண்டு வருசம் வரணும்," என்றான் அவள் புருஷன் ஆதிமூலம். "வருசா வருசம் துணி எடுத்துக்கினு இருக்க முடியாது. அடுத்த வருசம் பத்தலன்னா பொண்ணு நின்னுக்கட்டும். காட்டு வேலைக்கு ஆளு இல்லாம கெடக்குது."

ஆதிமூலம் சொன்னால் செய்கிறவன். அப்போது அவன் வீட்டில் இருந்ததே குறைவு. இட ஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராகக் கூட்டம் நடந்த சமயம். சுவரெல்லாம் எழுத்து. அவனும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எந்தக் கூட்டம் என்றாலும் லாரி ஏறிவிடுவான். ஆனால் பாவாடை விஷயத்தில் சொன்னதை மறக்கமாட்டான் என்று சாலம்மாளுக்குத் தெரியும். அஞ்சலை படிப்பதோ நிற்பதோ இரண்டு முழப் பாவாடையில் தொங்கியது.

ஆகவே இந்த முறை ரெடிமேடு வேண்டாம் என்று முடிவு செய்து, இரண்டு பாவாடைக்கு மைநீலத் துணியும் இரண்டு சட்டைக்கு வெள்ளைத் துணியும் தானே பார்த்து வாங்கினாள். நல்ல மொரமொரப்பான பருத்தித் துணி. தையல்காரர்கள் துணி அமுக்குவார்கள் என்பது அவள் வேதம். எனவே கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறுமுன் ஊர்க்கடைக்குப் போய், கடைக்கார ஆயம்மாளிடம் நீலத் துணியைத் தராசில் போடச் சொன்னாள்.

"இன்னாடி இது, துணிய எடை போட்டுக்கினு?" என்றாள் ஆயம்மாள்.

"போடுக்கா. எடை பொய் சொல்லாது."

ஐந்நூறும் இருநூறும் வைத்ததும் தட்டு சரியாக நின்றது. எழுநூறு கிராம். அதை மனசில் முடிந்துகொண்டு சாலம்மாள் பஸ் ஏறினாள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது அய்யனாரின் தையல் கடை. ஒற்றை மெஷின், சுவரில் வரிசையாகத் தொங்கும் துணிகள். அதில் இரண்டு காக்கிக் கால்சட்டைகளும் இருந்தன. போலீஸ்காரன் வந்துபோகிற கடை என்று அதையும் சாலம்மாள் கவனித்துக்கொண்டாள்.

அய்யனார் ஒல்லியான மனுஷன். பேச்சு குறைவு. துணியை வாங்கி விரலால் தேய்த்துப் பார்த்தான். பிறகு அவன் கேட்ட முதல் கேள்வியே சாலம்மாளை உஷார்ப்படுத்தியது.

"பொண்ணு எந்தக் கிளாஸும்மா?"

"ஏழாவது. எதுக்கு?"

"ஒம்பதாவதுல தாவணி போட்டுடுவாங்க. அப்ப இந்தப் பாவாட ஆவாது. ரெண்டு வருசத்துக்குத் தெச்சா போதும். அதுக்கு மேல பெருசு பண்ணா துணிக்குத்தான் கேடு. பழைய பாவாட இருக்குதா?"

அஞ்சலை பழையதைத்தான் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். போன ஜூனில் கீழ்விளிம்பு காலில் எங்கே நின்றது என்று கேட்டு, இப்போது எங்கே நிற்கிறது என்று பார்த்து, இடைவெளியை விரல் வைத்து அளந்தான். நாலு விரல். துவைத்துச் சுருங்கியதற்கு ஒன்று கழித்தான்.

"மூணு வளந்துகீறா. வர்ற வருசம் நாலு கூட வளருவா, அந்த வயசு. பாவாடைல அதுக்கு வழி உண்டு, உள்ள விட்டு வெச்சுடலாம். சட்டைல முடியாது. பக்கத் தையல்ல ஒரு வெரலு விடலாம், தோள பிரிச்சு பெருசு பண்ண முடியாது. தோளு சரியா இல்லன்னா எந்தத் துணியும் மேல நிக்காது. சட்டை ஒரு வருசந்தான், சொல்லிட்டேன்."

"எல்லாத்தையும் பெருசாவே தெச்சுடேன்."

"அப்ப ரெண்டு வருசமும் பொருந்தாது," என்றான் அய்யனார். சொல்லிவிட்டுப் பேரும் ஊரும் கேட்டு, ஒரு நீள நோட்டை எடுத்து ஏதோ எழுதினான். எழுதினான் எழுதினான், அளவு எழுத இத்தனை நேரமா என்று சாலம்மாளுக்கு எரிச்சல் வந்தது. அவளுக்கு எழுத்து தெரியாது. எழுத்து தெரியாதவர் முன்னால் ஒருவன் குனிந்து நெடுநேரம் எழுதினால் நல்லது எழுதுவதாகவா தோன்றும்?

பத்து நாள் கழித்துப் போனபோது சட்டைகள் இரண்டும் தயார். பாவாடை ஒன்றுதான் ஆகியிருந்தது. இன்னொன்றுக்கான துணி தைக்காமல், மொரமொரப்புக்கூடப் போகாமல் அப்படியே இருந்தது. சாலம்மாள் தைத்த பாவாடையை அஞ்சலையின் இடுப்பில் வைத்துப் பார்த்தாள். முழங்காலுக்குக் கீழே சரியாக நாலு விரல். அளவெடுத்த மாதிரி, கச்சிதமாக. கச்சிதமாக இருந்தால் அடுத்த வருஷத்துக்கு எங்கே?

விளிம்பைத் திருப்பிப் பார்த்தாள். வழக்கமான இரண்டு விரல் மடிப்பு. பக்கத் தையலில் ஒரு விரல். அவ்வளவுதான்.

"உள்ள விட்டுக்கீறன்னு சொன்னியே?"

"விட்டுக்கீறேன்மா. அடுத்த வருசம் எடுத்துக்கினு வா, பிரிச்சுக் குடுக்கறேன்," என்றான் அய்யனார், தலை நிமிராமல் மெஷினை மிதித்துக்கொண்டே.

அடுத்த வருஷம் இன்னொரு கூலிக்கு அடிபோடுகிறான் என்று நினைத்துக்கொண்டாள். வாயைத் திறக்காமல் பாவாடையையும் மீதித் துணியையும், வீட்டில் ஒரு தடவை பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டு, நேரே ஆயம்மாள் கடைத் தராசுக்குப் போனாள்.

அறுநூற்றைம்பது.

"பாத்தியாக்கா, பாத்தியா?" என்றாள் சாலம்மாள். அவள் குரலில் துக்கத்தைவிடத் திருப்திதான் அதிகம் இருந்தது. சந்தேகப்பட்டது பலித்தால் சிலருக்கு அப்படி.

அஞ்சலை மட்டும், "யம்மா, இடுப்புல கனமா இருக்குதும்மா, உள்ள ஏதோ வெள்ளத் துணி வெச்சுக்கீறாரு," என்றாள்.

"தள்ளுபடித் துணிய உள்ள திணிச்சுட்டு நம்ம துணிய உருவிக்கினான்டி. வேற இன்னா?"

மறுநாள் அய்யனாரின் கடையில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். பள்ளிக்கூடம் திறந்த சமயம், கூட்டத்துக்குக் கேட்பானேன். அத்தனை பேருக்கும் கேட்கும்படி சாலம்மாள் ஆரம்பித்தாள். எழுநூறு குடுத்தேன், அறுநூத்தம்பது வந்துகீது, அம்பது கிராமு எங்க போச்சு, புள்ளைங்க துணிலயுமா கைய வெப்ப, நீ நல்லா இருப்பியா. அய்யனார் மெஷினை நிறுத்தினான். முகம் சிறுத்துப்போனது.

"எடை போட்டுக்கினா வந்த?"

"ஆமா. பின்ன உன்ன நம்பச் சொல்றியா?"

"பிரிச்சுக் காட்டலாம்," என்றான் அவன் மெதுவாக. "கேட்டிருந்தா நேத்தே காட்டியிருப்பேன். எடை போட்டுக்கினு வந்தவங்களுக்குக் காட்ட மாட்டேன். போம்மா."

காட்ட ஏதாவது இருந்தால்தானே காட்டுவான் என்று சிரித்துவிட்டு வந்தாள் அவள். ஊரில் குளத்தங்கரையில், ஆயம்மாள் கடையில், பஸ்ஸில், போன இடமெல்லாம் சொன்னாள். ஐம்பது கிராம் நாளடைவில் அரைமீட்டராகி, அரைமீட்டர் ஒரு பாவாடைத் துணியாகிவிட்டது. வடக்கனந்தலிலிருந்து அய்யனாருக்குத் துணி போவது நின்றது.

மீதித் துணியை உள்ளூர்த் தையல்காரன் முனியனிடம் கொடுத்து, தான் நினைத்தபடியே தைத்தாள். நீளம் கணுக்கால் வரை. இடுப்பு இரண்டு பேர் நுழைகிற அகலம். முனியன் சொன்னபடி கேட்பான், அதுதான் அவனிடம் அவளுக்குப் பிடித்தது. முதல் தடவை அதைத் துவைத்தபோது தண்ணீர் சோறு வடித்த கஞ்சி மாதிரி கொழகொழவென்று வந்தது. சாலம்மாள் அதைக் கொட்டிவிட்டு அடுத்த துணியை எடுத்தாள். அதைப்பற்றி யோசிக்கவில்லை.

செப்டம்பரில் மறியல். ஒரு வாரம் சாலையெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டுவிட்டார்கள். பஸ் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. அப்புறம் போலீஸ் வண்டி ஊருக்குள் வந்தது. ஆதிமூலம் இரவோடு இரவாகக் கல்வராயன் மலையேறி, சாமை வாங்கி விற்றதில் பழக்கமான கரியன் வீட்டில் மூன்று வாரம் கிடந்தான்.

போலீஸ் தன் வீட்டுக் கதவைத் தட்டியபோது சாலம்மாளுக்கு உடனே நினைவுக்கு வந்தது அந்தக் காக்கிக் கால்சட்டையும் நீள நோட்டும்தான். பேரும் ஊரும் அதில்தானே எழுதினான். பழிவாங்கிவிட்டான் பாவி என்று ஊரெல்லாம் அதையும் சேர்த்துச் சொன்னாள்.

மலையிலிருந்து இறங்கி வந்த ஆதிமூலம் அதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். "தெருவுல ஒரு வூடு விடாம வந்துகீறான் போலீசு. இதுல தையக்காரன் எங்கடி வந்தான்?"

அவள் அவனுக்குச் சோறு போட்டாள். ஆனால் நம்பவில்லை.

அப்படியே வருஷம் ஓடி அடுத்த ஜூன் வந்தது. அஞ்சலை எட்டாவது. முனியன் தைத்த பாவாடை வருஷம் முழுக்கக் காலில் மாட்டி, பஸ் படியில் மிதிபட்டு, விளிம்பு தார் தாராகக் கிழிந்திருந்தது. அதற்குள் அது சுருங்கியும்விட்டது, கோணல்மாணலாக, ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி. போடவே முடியாது. அய்யனார் தைத்ததோ கிழியவில்லை, கோணவும் இல்லை. ஆனால் அவன் சொன்னபடி அஞ்சலை நாலு விரல் வளர்ந்துவிட்டிருந்தாள். பாவாடை முழங்காலில் நின்றது. குனிந்தால் அதற்கும் மேலே.

பள்ளிக்கூடம் திறந்த வாரமே பெரிய டீச்சர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். முழங்காலுக்குக் கீழே இருக்கணும், வேறு துணி ஒட்டுப்போட்டு வரக்கூடாது, திங்கட்கிழமைக்குள் சரிசெய்துகொண்டு வரணும், இல்லையென்றால் வரவேண்டாம்.

"சொன்னேன் இல்ல?" என்றான் ஆதிமூலம். மறியல் கேசில் அவனுக்கு மாசத்தில் ஒரு நாள் கோர்ட்டு வாய்தா. உடம்பும் மனசும் அலுத்துப்போயிருந்தது. "போதும், நிறுத்திடு."

சாலம்மாளுக்கு அன்றைக்குத்தான் புருஷன் மேல் ஆத்திரம் பொங்கியது. "படிப்புல பங்கு குடு, வேலைல பங்கு குடுன்னு ரோட்டுல மரத்த வெட்டிப் போட்டுட்டு உக்காந்தீங்கோ. மலைல போயி ஒளிஞ்சீங்கோ. அந்தப் பங்கு வந்தா யாரு போயி வாங்கறது? வூட்ல இருக்கற ஒரே பொண்ண காட்டுக்கு அனுப்பிட்டு?"

ஆதிமூலம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். பிறகு, "திங்கக்கெழமை வரைக்கும் பாரு," என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனான்.

சனிக்கிழமை மத்தியானம் சாலம்மாள் வாசல் வெளிச்சத்தில் இரண்டு பாவாடையையும் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். முனியன் தைத்ததில் நல்ல பகுதியை வெட்டி மற்றதில் சேர்க்கலாம். கீழே சேர்த்தால் தெரிந்துவிடும். இரண்டும் வெளுத்த விதம் வேறு, டீச்சர் கண்ணுக்குத் தப்பாது. எங்கே சேர்த்தால் தெரியாது? யோசித்து யோசித்து அவளுக்கே ஒன்று தோன்றியது. இடுப்பில். இடுப்பில் சேர்த்தால் பாவாடை அந்த அளவு கீழே இறங்கும், சேர்த்ததை மேலே சட்டை மூடிக்கொள்ளும். ஒருத்தருக்கும் தெரியாது. தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு, அய்யனார் தைத்த பாவாடையின் இடுப்புப் பட்டியில் பிளேடை வைத்தாள்.

உள்பக்கம் வெள்ளைத் துணி வைத்து மூடியிருந்தது. அது மெஷின் தையல் இல்லை. பிரிப்பதற்கென்றே போட்டது மாதிரி நீள நீளமான கைத்தையல். நூலை இழுத்தாள். சரசரவென்று ஓடி வந்தது. வெள்ளைத் துணி விலகியதும், சுற்றிலும் உள்ளே மடித்துவைத்திருந்த நீலத் துணி மடியில் சரிந்தது.

சாலம்மாள் விரல் வைத்துப் பார்த்தாள். நாலு விரல். அதற்கு மேல் பட்டிக்கென்று இன்னும் ஒரு விரல்.

வெயில் படாமல், தேய்ப்புப் படாமல், கடையில் வாங்கிய அன்று இருந்த அதே மைநீலம். அவள் எந்த இடத்தைச் சாமர்த்தியம் என்று நினைத்தாளோ அதே இடத்தில், ஒரு வருஷம் முன்பே, அதே காரணத்துக்காக ஒருவன் துணியை மறைத்துவைத்திருக்கிறான். கீழ்விளிம்பில் விட்டிருந்தால் பிரிக்கும்போது அடர்நீலக் கோடு தெரியும், பார்க்கிற பெண்கள் சிரிப்பார்கள் என்று நினைத்திருக்கிறான். அவள் பெண்ணுக்காக.

"அப்ப அம்பது கிராமு?" என்று பழக்கதோஷத்தில் அவள் மனசு கேட்டது. கேட்ட கையோடு அந்தக் கஞ்சித்தண்ணீர் நினைவுக்கு வந்தது. தைக்கும் முன்பே துணியை நனைத்து அலசி, சுருங்குவதெல்லாம் சுருங்கவிட்டுத் தைத்திருக்கிறான். போனது துணி இல்லை, மில்லில் போட்ட கஞ்சி. முனியன் நனைக்காமல் தைத்ததால்தான் அவன் தைத்தது கோணிக்கொண்டது. அன்றைக்கு அவன் கடையில் கத்தியதெல்லாம் திரும்ப அவள் காதில் கேட்டது.

இனி இதைச் சுருக்குப் பிடித்துப் பட்டி வைத்து அடிக்கணும். மெஷினில்லாமல் நிற்காது. முனியன் கடை நாலு வீடு தள்ளித்தான். அவனிடம் கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் அடித்துவிடுவான். யாருக்கும் எதுவும் தெரியாது. அந்த நாலு விரல் நீலமும் சட்டைக்குள் போய்விடும். அவள் சொன்னாலொழிய உலகத்துக்கு அது தெரியப்போவதில்லை.

முனியன் கடையைத் தாண்டித்தான் போகவேண்டியிருந்தது. தாண்டினாள். முதலில் ஆயம்மாள் கடையில் ஏறி, நாலு பேர் நிற்கும்போதே பாவாடையைத் தராசுப் பலகைமேல் விரித்துப் போட்டாள்.

"அந்த ஆளு எடுக்கலக்கா. நான்தான் அவரப் பத்தித் தப்பாப் பேசிட்டேன். எல்லாம் உள்ளயே இருக்குது, பாரு."

ஆயம்மாள் துணியைத் தடவிப்பார்த்தாள். "ஊரெல்லாம் சொன்னியேடி," என்றாள். பாவாடையை மடித்து அவள் கையில் கொடுத்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது சாலம்மாளுக்கு.

அஞ்சலையைக் கூட்டிக்கொண்டு கள்ளக்குறிச்சி பஸ் ஏறினாள். அய்யனாரின் கடையில் இன்றைக்கும் கூட்டம். ஆள் குறைந்தபின் போகலாம் என்று சந்து முனையில் ஒரு நிமிஷம் நின்றாள். அன்றைக்கு ஆள் குறையட்டும் என்றா காத்திருந்தேன் என்று தோன்றியதும் நேரே உள்ளே போனாள்.

"அண்ணே."

அய்யனார் நிமிர்ந்தான். அடையாளம் தெரிந்துகொண்டான். முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"எடை போட்டு உங்களத் திருடன்னு சொன்னவ நான்தான்," என்றாள் சாலம்மாள், நிற்கிறவர்களுக்கெல்லாம் கேட்கும்படி. "பிரிச்சுப் பாத்தேன். நாலு வெரலு அப்படியே இருக்குது. உங்க மேல ஒரு தப்பும் இல்ல. என் வாயிதான்."

பாவாடையை வாங்கி அவன் முதலில் பார்த்தது பிரித்த இடத்தைத்தான். "பிளேடுலயா பிரிச்ச? நல்லவேள, துணி கிழியல." பிறகு, "வடக்கனந்தல்லேர்ந்து ஒரு துணி வந்து ஒரு வருசம் ஆவுது எனக்கு," என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சாலம்மாளுக்குக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. அஞ்சலையை அவன் முன்னால் நிறுத்தினாள்.

"திங்கக்கெழம போடணுமாம்ண்ணே."

"உக்காருங்க. இப்பவே ஆயிடும்."

அவன் பெட்டியைத் திறந்து அந்த நீள நோட்டை எடுத்தான். பக்கங்களைத் தள்ளி ஒரு இடத்தில் விரலை வைத்து, அளவு பார்க்கக் குனிந்தான். அஞ்சலை எட்டிப் பார்த்தாள்.

"யம்மா, என் பேரு," என்றாள்.

சாலம்மாள் கிட்டே வந்தாள். "இன்னாடி எழுதிக்கீது?"

அஞ்சலை விரல் வைத்துப் படித்தாள். "'அஞ்சலை, வடக்கனந்தல், ஏழாவது. துணி நனைத்தது. பாவாடை இடுப்பில் நாலு விரல் உள்ளே. எட்டாவதில் பிரித்துக் கொடுக்கணும், கூலி வாங்க வேண்டாம்.'"

அய்யனார் ஒன்றும் நடக்காதது போல நாடாவை எடுத்து, பெண்ணை நேராக நிற்கச் சொல்லி, இடுப்பையும் நீளத்தையும் மறுபடி அளந்தான். தோளையும் அளந்தான். சட்டை தோளில் பத்தவில்லை, புதுசு எடுக்கணும் என்று போன வருஷம் சொன்னதையே சொன்னான். பிறகு நோட்டில் அதற்குக் கீழே குனிந்து எழுதினான்.

நெடுநேரம்தான் எழுதினான். சாலம்மாள் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் எழுந்து மெஷினுக்குப் போனதும், மகளின் தோளைத் தொட்டாள்.

"இப்ப இன்னா எழுதினாரு?"

"'எட்டாவது. பாவாடை பிரித்தாச்சு, இந்த வருஷம் போதும். அடுத்த ஜூன், ஒன்பதாவது, தாவணி.'"

மெஷின் ஓட ஆரம்பித்தது. ஒன்பதாவது என்ற சொல்லை அவர்கள் வீட்டில் இதுவரை யாரும் சொன்னதில்லை. சாலம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்தக் கடைசி வரிய இன்னொரு தடவ படிடி," என்றாள்.